நூறு இரவுச் சோதனையும் பதினெட்டு மில்லிமீட்டர் பள்ளமும்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், நாம் பணியாற்றிய நாக்பூர் கிளைக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். கடன் அட்டையில் ரூ. 24,000 செலுத்தி வாங்கிய மெத்தை நடுவில் குழிந்துவிட்டது, நிறுவனம் திரும்பப் பெற மறுக்கிறது, ஆகவே அட்டைப் பரிவர்த்தனையின் மீது ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும் என்றார். முதுகு வலிக்காகவே அவர் அந்த மெத்தையை வாங்கியிருந்தார். ஒரு மாதமாகத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்.

அவர் கொண்டுவந்த தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, வழக்கு வலுவாகவே இருந்தது. ஆனால் அதைத் தவறான வாசல் வழியாகக் கொண்டு சென்றிருந்தார்கள். இத்தகைய பொருள்களை வாங்கும் வாடிக்கையாளர் பலருக்கும் இதே நிலை நேர்வதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

மெத்தையோ சோபாவோ சோதனைக் காலத்துடன் விற்கப்படும்போது, வாங்குபவரின் கையில் ஒன்றல்ல, இரண்டு உரிமைகள் வருகின்றன. முதலாவது, சோதனைக் காலத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை. இதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. மெத்தை மிகவும் மென்மையாக இருக்கிறது, உடலுக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னாலே போதும். இரண்டாவது, குறைபாட்டுக்கான உத்தரவாதம். இது பல ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் குறைபாட்டை மெய்ப்பிக்க வேண்டும். பள்ளம் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் என்ற அளவுகோல் அதில் இருக்கும். மெய்ப்பித்தாலும் பணம் திரும்பாது; பழுது நீக்குவதோ மாற்றுப் பொருள் தருவதோ நிறுவனத்தின் விருப்பம் என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

ஆசிரியை வாங்கிய மெத்தையின் சோதனை நிபந்தனை இவ்வாறு இருந்தது: வந்து சேர்ந்த நாளிலிருந்து 100 இரவுகள், குறைந்தது 21 இரவுகளாவது பயன்படுத்தியிருக்க வேண்டும், கறை, கிழிசல் இல்லையெனில் எக்காரணத்துக்காகவும் திருப்பித் தரலாம், முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். உத்தரவாதம் 10 ஆண்டுகள். 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்துக்கு மட்டும்.

மெத்தை மார்ச் 3 அன்று வந்தது. மே 18 அன்று அவர் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, "நடுவில் குழிந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது 77ஆவது இரவு. எதிர்முனையில் இருந்தவர் குழிந்தது என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அதை உத்தரவாதப் புகாராகப் பதிவு செய்தார். வந்த குறுஞ்செய்தியிலும் அப்படியே இருந்தது. ஆசிரியை அதைக் கவனிக்கவில்லை. மே 27 அன்று பரிசோதகர் வந்து, மெத்தையின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதற்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். 18 மில்லிமீட்டர். ஜூன் 12 அன்று மறுப்புக் கடிதம் வந்தது: பள்ளம் வரம்புக்குள் இருக்கிறது; உத்தரவாதம் பொருந்தாது; சோதனைக் காலமும் முடிந்துவிட்டது.

நூறாவது இரவு ஜூன் 10 என்பதை வாசகர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நினைவு ஃபோம் என்று விற்கப்படும் பொருள் வெப்பத்தில் மென்மையாகும் இயல்புடையது. மே மாத நாக்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடல் பாரத்தில் அது ஆழமாக அமிழ்ந்து, எழுந்ததும் மெல்ல மேலெழுந்துவிடும். உத்தரவாத அளவீடோ பாரமின்றி, வெறும் மெத்தையின் மீது செய்யப்படுவது. ஆகவே படுப்பவருக்கு இடுப்பு அமிழ்ந்து வலிப்பதும் உண்மை, சட்டம் வைத்து அளந்தால் 18 மில்லிமீட்டரே காட்டுவதும் உண்மை. பரிசோதகர் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கே அவரை அழைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் நம் கருத்து.

வீட்டிலேயே அளந்து பார்க்க விரும்புவோர், விரிப்பையும் மேலுறையையும் நீக்கிவிட்டு, சில மணி நேரம் எவரும் படுக்காமல் விட்டு, மெத்தையைவிட நீளமான நேரான கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அளவுகோல் தெரியும்படி படம் எடுக்கவும். பின்னர் மெத்தையைச் சமமான தரையில் இட்டு மறுபடியும் அளக்கவும். தரையிலும் பள்ளம் தெரிந்தால், கட்டில் பலகை தாழ்ந்ததுதான் காரணம் என்ற வாதம் அடிபட்டுப் போகும்.

ஆசிரியையின் தாள்களுக்கிடையே இரண்டு நல்ல சான்றுகள் இருந்தன. ஒன்று, மே 30 அன்று, அதாவது 89ஆவது இரவில், அவர் நிறுவனத்தின் வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்பிய செய்தி: மெத்தையை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரவும். தொலைபேசியில் சொன்னதை நிறுவனம் தன் விருப்பப்படி பதிவு செய்துகொண்டது. எழுதியதை அவ்வாறு மாற்ற இயலாது. மற்றொன்று, பரிசோதகரின் அறிக்கை. பள்ளம் போதாது என்று சொன்ன அதே தாளில், "கறை, கிழிசல் இல்லை, கட்டில் சமதளம்" என்றும் அவர் எழுதியிருந்தார். சோதனைக் காலத் திருப்புதலுக்குத் தேவையான நிபந்தனைகள் நிறைவேறின என்பதற்கு நிறுவனத்தின் கையெழுத்திலேயே சான்று கிடைத்துவிட்டது.

அட்டை ஆட்சேபத்தை உடனே பதிவு செய்வதற்கு முன், குறைதீர் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுமாறு நாம் சொன்னோம். அவர் ஆங்கிலத்தில் அனுப்பியதன் தமிழ் வடிவம் இது:

"ஐயா, தங்கள் இணையதளத்தின் வழியாக வாங்கிய மெத்தை மார்ச் 3 அன்று என்னிடம் வந்து சேர்ந்தது. விற்பனைச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

தங்கள் சோதனைக் கால நிபந்தனை, 'வந்து சேர்ந்த நாளிலிருந்து 100 இரவுகளுக்குள், குறைந்தது 21 இரவுகள் பயன்படுத்தியபின், கறையோ கிழிசலோ இல்லாத மெத்தையை எக்காரணத்துக்காகவும் திருப்பி அளித்து முழுத் தொகையையும் பெறலாம்' என்று கூறுகிறது. வாங்கிய நாளில் எடுத்த பக்கத்தின் படம் இணைக்கப்பட்டுள்ளது.

மே 18 அன்று தொலைபேசியிலும், மே 30 அன்று எழுத்திலும் மெத்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு கேட்டேன். இரண்டும் 100 இரவுகளுக்கு உட்பட்டவை. கறையோ கிழிசலோ இல்லை என்பதைத் தங்கள் பரிசோதகரின் மே 27 அறிக்கை உறுதி செய்கிறது. ஆகவே நான் கோருவது உத்தரவாதத்தின் கீழான பழுது நீக்கம் அன்று; சோதனைக் கால நிபந்தனையின் கீழான திருப்புதல். 25 மில்லிமீட்டர் வரம்பு இதற்குப் பொருந்தாது. கோரிக்கைக்குப் பின் தாங்கள் எடுத்துக்கொண்ட நாள்களால் என் உரிமை காலாவதியாகாது.

இதற்கு ஊறு இன்றி, மெத்தை நடுவில் 18 மில்லிமீட்டர் குழிந்திருப்பதைத் தங்கள் அறிக்கையே பதிவு செய்கிறது. முதுகுக்கு உறுதியான தாங்குதல் என்று விளம்பரம் செய்யப்பட்ட மெத்தை மூன்று மாதத்தில் இந்நிலையை அடைவது, கூறப்பட்ட தன்மையில் இல்லாத குறைபாடாகும்.

15 நாள்களுக்குள் மெத்தையை எடுத்துக்கொண்டு ரூ. 24,000ஐத் திருப்பித் தரவும். மெத்தை உறையிட்டுத் தயாராக வைக்கப்பட்டுள்ளது."

இக்கடிதத்தில் வரிசைதான் முக்கியம். சோதனை நிபந்தனை முதலில், நிறுவனத்தின் சொந்தச் சொற்களிலேயே வருகிறது. குறைபாடு பின்னால், மாற்று வாதமாக மட்டும் வருகிறது. குறைபாட்டை முதலில் எழுதினால், படிப்பவர் மறுபடியும் உத்தரவாதக் கோப்பையே திறப்பார். நிபந்தனைப் பக்கத்தின் படத்தை வாங்கிய அன்றே எடுத்து வைத்திருந்தது ஆசிரியையின் முன்யோசனை. இணையப் பக்கங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. இன்னொன்றும் உண்டு: நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கினால் கிடைக்கும் சோதனைக் காலம், அதே மெத்தையைக் கடையிலோ வேறு வணிகத் தளத்திலோ வாங்கினால் கிடைக்காமல் போகலாம்.

சட்டமும் கடிதத்துக்குத் துணை நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மையோ ஒப்புக்கொண்ட தன்மையோ இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கலாகாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதன் பிறகும் பயனில்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட அனுமதிக்கிறது, ரூ. 5 லட்சம் வரை கட்டணமில்லை. கால வரம்பு 2 ஆண்டுகள்.

வங்கியிடம் வரும்போதும் இதே வேறுபாடு தொடர்கிறது. பொருள் குறைபாடுடையது என்று ஆட்சேபம் எழுதினால், வணிகர் 18 மில்லிமீட்டர் அறிக்கையைப் பதிலாக அனுப்புவார்; அட்டை வலையமைப்பும் அதை ஏற்கக்கூடும். நிபந்தனைப்படி திருப்பிக் கொடுக்க முன்வந்தும் பணம் வரவில்லை என்று எழுதினால், அவர் தேதிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்சேபத்துக்குக் கால வரம்பு உண்டு என்பதால், கடிதத்துக்குப் பதில் வருமென்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. ஆசிரியையிடம் நாம் குறித்துக் கொடுத்த நாள் ஜூலை 3. தகராறு நடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடுவோரும் உளர். அவ்வாறு செய்தால் தாமதக் கட்டணமும் கடன் மதிப்பெண் சரிவும் வாடிக்கையாளருக்கே. மெத்தை நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 2 அன்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. 6ஆம் தேதி ஆள்கள் வந்து மெத்தையை எடுத்துச் சென்றார்கள். 14ஆம் தேதி ரூ. 24,000 அட்டைக் கணக்கில் வரவாயிற்று. ஆயினும் அடுத்த மாதப் பட்டியலிலும் தவணை வந்திருந்தது கண்டு ஆசிரியை மீண்டும் நம் மேசைக்கு வந்தார். வணிகர் பணத்தைத் திருப்பியதனால் மாதத் தவணை தானாக ரத்தாவதில்லை. தவணைக் கடன் வேறு, அட்டையில் விழும் வரவு வேறு. வரவு வந்ததும் தவணையை முடித்துவிடுமாறு வங்கியிடம் தனியே கேட்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தார், தவணை முடிக்கப்பட்டது. அதுவரை வட்டியின் மீது விதிக்கப்பட்ட ஜிஎஸ்டியும் தொடக்கத்தில் பிடித்த செயலாக்கக் கட்டணமும் மட்டும் திரும்பவில்லை. அவற்றை மெத்தை நிறுவனத்திடம் கேட்கலாமா என்று வினவினார். கேட்கலாம், கடிதத்தில் முன்பே ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும் என்றோம். அந்த வரியை அவருக்குச் சொல்லாமல் விட்டது நம் தவறுதான்.