மூன்றாம் தேதி மாலை ஐந்து மணி

மாதக் கடைசி நெருங்கினால் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் கிளம்பும். "மாதாந்திர விவரங்களை உரிய படிவத்தில், உரிய காலத்தில் அனுப்பி ஒத்துழைக்குமாறு அனைத்துத் துறைத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்." ஆயத்த ஆடை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது நானும் பல வருடம் இதையே எழுதி அனுப்பினேன். படித்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஏழாம் தேதி காலையிலும் ஸ்டோர்ஸ், பராமரிப்பு, பர்ச்சேஸ் என்று ஒவ்வொரு பிரிவாகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தக் கடிதத்தில் தேதி இல்லை, படிவம் எப்படி இருக்க வேண்டும் என்றும் இல்லை. "உரிய காலம்" என்றால் ஸ்டோர்ஸ்காரருக்கு ஐந்தாம் தேதி, பராமரிப்புப் பிரிவுக்குப் பத்தாம் தேதி. அவரவர் வேலைக்கு ஏற்ப அவரவர் புரிந்துகொண்டார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

ஒரு நிறுவனத்தின் மாதக் கணக்குக்கு நாள் குறிப்பது கணக்குப் பிரிவு அல்ல. பிடித்த வருமான வரியை, அதாவது டி.டி.எஸ். தொகையை, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் விற்பனை விவரம் அடங்கிய ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15. வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்துக்கு 20. துறைகளிடம் கேட்கும் தேதியை இந்தத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வைக்க முடியும். ஏழாம் தேதி வரி கட்ட வேண்டுமானால், ஆறாம் தேதிக்குள் தொகை முடிவாகி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பில்களைப் பதிந்து சரிபார்க்க இரண்டு நாள் வேண்டும். ஆக, துறைகளிலிருந்து தாள் வந்து சேர வேண்டியது மூன்றாம் தேதி மாலை.

இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன என்பது துறைத் தலைவர்கள் பலருக்குத் தெரியாது, யாரும் அவர்களுக்குச் சொன்னதும் இல்லை. ஜூலையில் ஓர் ஒப்பந்தக்காரர் பில்லில் 40,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆகஸ்ட் 7-க்குப் பதில் 8-ஆம் தேதி கட்டினால், பிடித்த தேதியிலிருந்து மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. மாதத்தில் ஒரு பகுதியானாலும் முழு மாதமாகவே எண்ணுவார்கள். வருமான வரித்துறையின் கணக்கில் ஜூலை ஒரு மாதம், ஆகஸ்ட் ஒரு மாதம். ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு இரண்டு மாத வட்டி, 1,200 ரூபாய். விற்பனை விவரம் 11-ஆம் தேதியைத் தாண்டினால் தொல்லை வேறு மாதிரி. நம்மிடம் சரக்கு வாங்கியவருக்கு 14-ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் நம் பில் வராது. அவர் கட்டிய வரிக்கு அந்த மாதம் அவரால் வரவு எடுக்க முடியாது. அன்றைக்கே மார்க்கெட்டிங் பிரிவுக்குப் போன் வரும்.

தேதியை விடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. "ஜூலை மாத விவரம்" என்கிறோமே, ஜூலை எங்கே முடிகிறது?

ஒரு வருடம் ஜூலை 31-ஆம் தேதி இரவு ஏழு மணிக்கு ஒரு லாரி நிறையத் துணி வந்து இறங்கியது. மதிப்பு 3,20,000 ரூபாய். வாட்ச்மேன் கேட் பதிவேட்டில் எழுதிவிட்டார். ஸ்டோர்ஸில் சரக்கு வரவுச் சீட்டு மறுநாள், ஆகஸ்ட் 1-ஆம் தேதி போட்டார்கள். அதே காலையில் மாதக் கடைசி இருப்பை எண்ணியவர்கள், கண்ணெதிரே கிடந்த அந்தத் துணியையும் சேர்த்து எண்ணினார்கள். பில் கைக்கு வந்தது ஆகஸ்ட் 4. பர்ச்சேஸ் பிரிவு பில்லை வைத்துத்தான் தன் தாளை நிரப்பும், ஆகவே ஜூலைக் கொள்முதலில் அது இல்லை. ஸ்டோர்ஸ் சொன்னதும் சரி, பர்ச்சேஸ் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்தபோது துணி கையில் இருக்கிறது, வாங்கியதாகக் கணக்கு இல்லை. ஜூலை லாபம் 3,20,000 ரூபாய் கூடுதலாக வந்து நின்றது. ஆகஸ்டில் அதே அளவு குறைந்தது. ஆகஸ்டில் என்ன ஆயிற்று, துணி வீணாகிறதா என்று முதலாளி கேட்க, கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர் ஒரு வாரம் தன்மேல் இல்லாத பழிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேட் பதிவேட்டின் கடைசி மூன்று நாள் பதிவுகளையும், அடுத்த மாதம் முதல் மூன்று நாள் பதிவுகளையும் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பில் எந்த மாதத்தில் ஏறியிருக்கிறது, இருப்பில் எந்த மாதம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான். இரண்டும் ஒரே மாதமாக இருக்க வேண்டும். வராமல் தடுக்க வேண்டுமானால், எந்தப் பதிவேட்டின் தேதி செல்லும் என்பதைக் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது படிவம். கொடுத்த தாளில் ஏன் நிரப்பச் சொல்கிறார்கள், நாம் வைத்திருக்கும் தாளிலேயே அனுப்பினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். ஒரு ஸ்டோர்ஸ் தாளைக் காட்டுகிறேன். ஆறு வரிகள். துணி 84,200, நூல் 42,300, பட்டன் ஜிப் 61,750, லேபிள் 18,400, பாலி பை 35,600, அட்டைப்பெட்டி 27,950. கையால் கூட்டினால் 2,70,200. எக்ஸெல் காட்டிய மொத்தம் 2,27,900. குறைவது 42,300, அதாவது நூல் வரி அப்படியே விடுபட்டிருக்கிறது. காரணம், தட்டச்சு செய்தவர் அந்த ஒரு வரியில் மட்டும் நம் ஊர் வழக்கப்படி "42,300/-" என்று போட்டிருந்தார். பில்லிலும் செக்கிலும் அப்படி எழுதுவது நல்ல பழக்கம், பின்னால் யாரும் எண் சேர்த்துவிட முடியாது. ஆனால் எக்ஸெலுக்கு அந்தக் கோடும் சாய்வுக் கோடும் சேர்ந்தால் அது எண் அல்ல, வெறும் எழுத்து. கூட்டும்போது எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். கூர்ந்து பார்த்தால் அடையாளம் தெரியும். எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். யாராவது எல்லாவற்றையும் நடுவில் வரும்படி அழகுபடுத்தியிருந்தால் அந்த அடையாளமும் போய்விடும். ஆகவே படிவத்தின் அடியிலேயே இந்த வரியை வைத்துவிட்டோம்:

```
=COUNTA(C4:C9)-COUNT(C4:C9)
```

நிரப்பிய கட்டங்கள் எத்தனை, அவற்றில் எண்ணாக இருப்பவை எத்தனை என்று எண்ணி, வித்தியாசத்தைக் காட்டும். பூஜ்யம் வந்தால் எல்லாம் எண். ஒன்று வந்தால் எங்கோ ஒரு கட்டத்தில் எழுத்து நுழைந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் அனுப்புகிறவரே பார்த்துத் திருத்திவிடலாம். ஆனால் 42,300 என்பதை 43,200 என்று மாற்றித் தட்டினால் இது காட்டிக் கொடுக்காது. அதற்கு இருப்புப் பதிவேட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

வெற்றுக் கட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். பழுதுபார்ப்புச் செலவு என்ற கட்டம் காலியாக வந்தால் செலவே இல்லையா, இன்னும் கணக்கெடுக்கவில்லையா? அரசு அலுவலகங்களில் தெரிவிக்க ஒன்றும் இல்லை என்றாலும் "இன்மை அறிக்கை" அனுப்பியாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தனியார் நிறுவனங்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் அது. இல்லை என்றால் 0 என்று போட வேண்டும்.

இவ்வளவும் பட்ட பிறகு நாங்கள் எழுதிய கடிதம் இது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

"பெறுநர்: ஸ்டோர்ஸ் மேலாளர் அவர்கள். பொருள்: ஜூலை மாத இருப்பு விவரம், ஆகஸ்ட் 3 மாலை 5 மணிக்குள்.

ஐயா, வணக்கம். ஜூலை மாத இருப்பு விவரத்தை இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் நிரப்பி, மேற்கண்ட நேரத்துக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். 3-ஆம் தேதி விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாளே கடைசி நாள். 7-ஆம் தேதி வரி கட்ட வேண்டியிருப்பதால் இந்தத் தேதி வைக்கப்பட்டுள்ளது.

ஜூலை 31 நள்ளிரவுக்குள் கேட் பதிவேட்டில் பதிவான சரக்கு அனைத்தும் ஜூலைக் கணக்கு. பில் வராதவற்றை இரண்டாம் தாளில் எழுதுங்கள், அதன் நகல் பர்ச்சேஸ் பிரிவுக்கும் போகட்டும். தொகையை முழு ரூபாயில், எண்ணாக மட்டும் பதியுங்கள். இல்லாதவற்றுக்கு 0 இடுங்கள். படிவத்தின் வரிசையை மாற்ற வேண்டாம். அனுப்பிய பின் திருத்தம் இருந்தால், கோப்பின் பெயரில் 'திருத்தம் 1' என்று சேர்த்து அனுப்புங்கள். தாங்கள் விடுப்பில் இருந்தால் யார் அனுப்புவார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். ஏதேனும் ஓர் எண் முடிவாகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மதிப்பீட்டை எழுதி, பக்கத்தில் 'மதிப்பீடு' என்று குறித்து அனுப்புங்கள்."

கடைசி வரிக்காக எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. மதிப்பீட்டை அனுமதித்தால் எல்லாரும் குத்துமதிப்பாக எழுதிவிடுவார்கள் என்று ஆடிட்டர் பயந்தார். மின்கட்டணம் போன்ற ஒரே ஒரு பில்லுக்காக முழுத் தாளும் நான்கு நாள் நின்றுபோவதைப் பார்த்திருந்ததால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வரி சம்பந்தப்பட்ட எண்களுக்கு மட்டும் மதிப்பீடு செல்லாது என்று படிவத்தில் அந்தக் கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்துச் சமாதானம் ஆனோம்.

இன்னும் இரண்டு மாற்றம் செய்தோம். "அனைவருக்கும்" என்று ஒரே கடிதமாக அனுப்பாமல் ஆறு துறைக்கும் அவரவர் பெயரிட்டு, அவரவர் தாளை இணைத்து அனுப்பினோம். அதையும் ஒன்றாம் தேதி அனுப்பாமல் முந்தின மாதம் 25-ஆம் தேதியே அனுப்பினோம். இருப்பு எண்ண ஆள் ஒதுக்க அவர்களுக்கும் நாள் வேண்டுமே.

அந்த ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஆறில் ஐந்து தாள்கள் வந்திருந்தன. ஆறாவது பராமரிப்புப் பிரிவு. நான்கரை மணிக்கே அங்கிருந்து போன் வந்தது: "சார், ஜெனரேட்டர் டீசல் பில் ஒண்ணு நிக்குது. மதிப்பீடு போட்டு நாளைக்குக் காலையில அனுப்பிடறேன்." சொன்னபடி அனுப்பினார்கள். ஏழாம் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வரி கட்டி முடித்தோம்.