வரவு எங்கே, பற்று எங்கே?

வங்கிக் கணக்கு அறிக்கையின் பிடிஎஃப் கோப்பில் கட்டங்கள் தெரிந்தாலும், பெரும்பாலும் உள்ளே இருப்பவை எழுத்துகளும் அவை நிற்கும் இடங்களும்தான். அதனால் நகலெடுத்து எக்செலில் ஒட்டினால், பற்றுப் பத்தி காலியாக உள்ள வரியில் வரவுத் தொகை அங்கே நகர்ந்துவிடக்கூடும்.

இலவச மென்பொருளான டேபுலாவில் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். கோடு போட்ட அட்டவணைக்கு Lattice, கோடில்லாததற்கு Stream. ஸ்கேன் செய்த படத்தை அது படிக்காது.

பிறகு சரிபார்ப்பதுதான் முக்கியம். D பற்று, E வரவு, F இருப்பு என்றால், மூன்றாம் வரியில்:

```
=ROUND(F2-D3+E3-F3,2)
```

விடை 0 வர வேண்டும். 12,500 இருப்பில் 3,000 வரவானால் 15,500. அந்த 3,000 பற்றுக்கு நகர்ந்திருந்தால் விடை -6,000. பிழை, தொகையைப் போல் இரு மடங்காக வந்தால் பத்தி மாறியிருக்கிறது என்று தேடலாம். விவரம் இரண்டு வரியாக உடைந்திருந்தாலும் விடை பிசகும். அந்த வரிகளை முதலில் ஒன்றாக்குங்கள்.