முதியவர்கள் கிரியேட்டின் சாப்பிட்டால் கீழே விழுவது குறையுமா? 2 ஆண்டு ஆய்வுகள் சொல்வது என்ன?

ஜிம்முக்குப் போகும் பையன்கள் ஷேக்கரில் கலக்கிக் குடிக்கும் வெள்ளைப் பவுடர், இப்போது வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பக்கமும் வந்துவிட்டது. ‘அப்பாவுக்கு கிரியேட்டின் கொடுங்க, நடை வேகமாகும், கால் தடுமாறாது, கீழே விழ மாட்டார்’ என்ற ரீதியில் வீடியோக்கள் சுற்றுகின்றன.

கேட்க ஒரே விஷயம் மாதிரி இருந்தாலும் இதில் மூன்று தனித்தனி வாக்குறுதிகள் இருக்கின்றன. நடை வேகம் கூடும் என்பது ஒன்று. பேலன்ஸ் சரியாகும் என்பது இன்னொன்று. கீழே விழுவது குறையும் என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மூன்றாவதற்கு இதுவரை இல்லை. ஏன் அப்படி?

கிரியேட்டின் உடலில் என்ன செய்கிறது?

இது ஸ்டீராய்டு இல்லை. கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து தினமும் ஒரு கிராம் அளவுக்குத் தயாரிக்கும் பொருள்தான் கிரியேட்டின். இறைச்சியிலும் மீனிலும் ஒரு கிலோவுக்கு சுமார் 4 முதல் 5 கிராம் வரை இருக்கிறது. அதனால் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களின் தசையில் இதன் இருப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

உடலில் உள்ள கிரியேட்டினில் 95 சதவீதம் தசையில் தங்குகிறது. திடீரென்று பலம் தேவைப்படும் முதல் சில விநாடிகளுக்கு உடனடி எரிபொருளாக உதவுவதுதான் அதன் வேலை. நாற்காலியில் இருந்து எழுவது, படி ஏறுவது, கால் இடறியதும் மறு காலை சட்டென்று முன்னால் வைத்து சமாளிப்பது எல்லாம் அந்த வகை. முதியவர்களுக்கு இது உதவலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்ததற்குக் காரணமும் இதுதான். யோசனை சரியானதுதான். சோதித்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

பிரேசில்: பவுடர் மட்டும், பயிற்சி இல்லை

பிரேசிலின் சாவ் பாலோ நகரில் 2011 முதல் 2017 வரை ஓர் ஆய்வு நடந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கிய 200 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு தினமும் 3 கிராம் கிரியேட்டின், இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி தெரியும் வெறும் பவுடர். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. உடற்பயிற்சித் திட்டம் எதுவும் கொடுக்கப்படவில்லை. இப்படியே 2 ஆண்டுகள்.

ஆய்வின் முக்கிய நோக்கம் எலும்பு. ஆனால் தசை பலம், உடல் இயக்கம், எத்தனை முறை விழுந்தார்கள், எத்தனை எலும்பு முறிவு என்பதையும் கணக்கெடுத்தார்கள். கிரியேட்டின் ஆய்வுகளில் விழுவதை நேரடியாக எண்ணிப் பார்ப்பது அபூர்வம் என்பதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு.

முடிவு? எலும்பில் வித்தியாசம் இல்லை. தசையில் கிரியேட்டினால் கூடுதல் பலன் இல்லை. விழுந்த எண்ணிக்கையிலும் எலும்பு முறிவிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 2 ஆண்டுகள் தவறாமல் பவுடர் கொடுத்தும் இவ்வளவுதான்.

கனடா: பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால்?

அப்படின்னா கிரியேட்டின் வேஸ்டா? அதற்குள் முடிவுக்கு வர வேண்டாம். கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் சிலிபெக் தலைமையிலான குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வில் கதை சற்று மாறுகிறது.

இதிலும் மாதவிடாய் நின்ற பெண்கள்தான், 237 பேர். சராசரி வயது 59. இங்கே எல்லோருக்கும் வாரம் 3 நாள் எடை தூக்கும் பயிற்சி, 6 நாள் நடைப்பயிற்சி. ஒரு பிரிவுக்கு மட்டும் உடல் எடையில் கிலோவுக்கு 0.14 கிராம் வீதம் தினமும் கிரியேட்டின். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 8.4 கிராம். பிரேசிலில் கொடுத்ததைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

2 ஆண்டு முடிவில் 80 மீட்டர் தூரத்தை நடக்கும் நேரத்தைப் பார்த்தார்கள். கிரியேட்டின் எடுத்தவர்கள் சராசரியாக 48.6 விநாடியில் இருந்து 47.1 விநாடிக்கு வந்தார்கள். வெறும் பவுடர் எடுத்தவர்கள் 48.3-ல் இருந்து 48.2. அதாவது அவர்களிடம் மாற்றமே இல்லை என்று சொல்லலாம்.

ஒன்றரை விநாடிதானா என்று தோன்றும். வேகமாக மாற்றிப் பார்த்தால் விநாடிக்கு 1.65 மீட்டரில் இருந்து 1.70 மீட்டர், அதாவது 0.05 மீட்டர் கூடுதல். முதியவர்களின் நடை வேகத்தில் ‘சிறிய, ஆனால் பொருட்படுத்தத்தக்க’ மாற்றம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவும் அதே 0.05 மீட்டர்தான். ஆக, கோட்டைத் தொட்டுவிட்டார்கள். அதைத் தாண்டிப் பாயவில்லை. கூடுதல் தகவல்: தூக்கக்கூடிய எடையில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. எலும்பு அடர்த்தியிலும் இல்லை.

நாற்காலியில் இருந்து எழுவதிலும் இதே மாதிரி ஒரு சிறு பலன் தெரிகிறது. முதியவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ம் ஆண்டு அலசல் ஒன்றில், பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்தவர்கள் 30 விநாடிகளில் கூடுதல் முறை எழுந்து உட்கார்ந்தார்கள். கவனியுங்கள், இங்கேயும் ‘பயிற்சியோடு’.

ஆனால் இவர்கள் தளர்ந்தவர்கள் இல்லையே?

இங்கேதான் வீடியோக்கள் சொல்லாமல் விடும் விஷயம் இருக்கிறது. மருத்துவத்தில் ‘உடல் தளர்ச்சி’ என்பதற்குத் தனி அளவுகோல் உண்டு. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைட் குழுவினர் 2001-ல் வகுத்தது அது. காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் களைப்பு, நடமாட்டம் குறைவது, மெதுவான நடை, கைப்பிடி பலவீனம். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி.

மெதுவான நடை என்றால் எவ்வளவு மெதுவாக? ஆசிய நாடுகளின் தசைத் தேய்வு நிபுணர் குழு 2019-ல் கொடுத்த அளவுப்படி, வழக்கமான நடையில் விநாடிக்கு 1 மீட்டருக்கும் கீழே போனால் கவனிக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் 6 மீட்டர் அளந்து, பெரியவரை எப்போதும் நடப்பதுபோல் நடக்கச் சொல்லி மொபைலில் நேரம் பாருங்கள். 6 விநாடிக்கு மேல் ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார் என்று பொருள். கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அதே எச்சரிக்கைதான். சோதிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

இப்போது கனடா கணக்கைத் திரும்பப் பாருங்கள். 80 மீட்டரை 48 விநாடியில் நடப்பவர்கள் அவர்கள். நடை தளர்ந்த ஒருவருக்கு அதே தூரம் 80 விநாடிக்கு மேல் ஆகும். ஆரோக்கியமான, 59 வயதுப் பெண்களிடம் கிடைத்த ஒன்றரை விநாடியை, சுவரைப் பிடித்து நடக்கும் 78 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. தளர்ந்தவர்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. 2016-ல் வெளியான 14 வார ஆய்வு ஒன்றில் இருந்தவர்கள் 20 பேருக்கும் குறைவு. எல்லோருக்கும் எடைப் பயிற்சியும் புரதமும் கொடுத்து, பாதிப் பேருக்கு கிரியேட்டினும் சேர்த்தார்கள். எல்லோரும் முன்னேறினார்கள். கிரியேட்டினால் கூடுதல் பலன் தெரியவில்லை.

பேலன்ஸ் தசையில் மட்டும் இல்லை

கீழே விழாமல் நிற்க தசை மட்டும் போதாது. கண் பார்க்க வேண்டும், உள்காது தலை சாய்வதை உணர வேண்டும், பாதம் தரையை உணர வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கும், கண்புரை உள்ளவருக்கும், ரத்த அழுத்த மாத்திரையால் எழுந்ததும் தலை சுற்றுபவருக்கும் கிரியேட்டின் அந்தக் குறையைச் சரி செய்யாது. அது போய்ச் சேரும் இடமே வேறு.

அப்போ விழுவதை எது குறைக்கிறது? 2019-ல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 108 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைக்கிறது என்பது அதன் முடிவு. இதில் முக்கியமான நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தப் பலன் உறுதியாகத் தெரிந்தது பேலன்ஸ் பயிற்சிகளில்தான். ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடப்பது, நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்வது போன்றவை. எடை தூக்குவது மட்டும் விழுவதைக் குறைக்குமா என்பது அதில் உறுதியாகவில்லை. கிரியேட்டின் கூட்டிக் கொடுப்பது எடைப் பயிற்சியின் பலனைத்தான். அந்தப் பயிற்சியே தனியாகப் போதுமா என்பது சந்தேகம் என்றால், பவுடரின் இடம் எங்கே என்று புரிந்துகொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனையில் வரும் குழப்பம்

மருத்துவர் சம்மதத்தோடு ஒருவர் பயிற்சியும் செய்து கிரியேட்டினும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு தினமும் 3 முதல் 5 கிராம். தொடக்கத்தில் 20 கிராம் வரை எடுக்கும் ஜிம் பழக்கம் வயதானவர்களின் வயிற்றைக் கலக்கிவிடும், அது தேவையும் இல்லை. தசையில் நீர் சேர்வதால் முதல் வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம். இதய பலவீனத்துக்கு மருந்து எடுப்பவர் தினமும் எடை பார்ப்பவராக இருந்தால் இது தேவையில்லாத பயத்தைக் கிளப்பும். உண்மையான நீர்க்கோவையை மறைக்கவும் செய்யலாம்.

பெரிய குழப்பம் சிறுநீரகப் பரிசோதனையில்தான். கிரியேட்டின் வேறு, கிரியாட்டினின் வேறு. முதலாவது தசையில் இருப்பது, இரண்டாவது அது சிதைந்து வரும் கழிவு. கிரியேட்டின் சாப்பிட்டால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடலாம்.

உதாரணமாக 70 வயது ஆண் ஒருவருக்கு கிரியாட்டினின் 1.1 என்று இருந்தது, பவுடர் தொடங்கிய பிறகு 1.3 ஆனது என்று வைப்போம். இப்போது லேப்களில் பயன்படும் 2021-ம் ஆண்டு சூத்திரப்படி அவருடைய சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று வருவது, 72-ல் இருந்து 59 ஆகக் காட்டும். 60-க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று வகைப்படுத்துவார்கள். பவுடர் விஷயம் மருத்துவருக்குத் தெரியாவிட்டால், இல்லாத நோய்க்கு மாத்திரை மாறலாம்.

மறுபக்கமும் உண்டு. ‘பவுடர்தானே காரணம்’ என்று நினைத்து நிஜமான சிறுநீரகக் கோளாறைக் கோட்டை விடுவதும் நடக்கலாம். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் தொடங்கும் முன்பே ஒருமுறை கிரியாட்டினின் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைக் கேட்கலாம். அது கிரியாட்டினினை நம்பி இல்லாததால், பவுடர் அந்த எண்ணைக் குழப்பாது.