ஐந்தரை மணி நேரத்தின் கணக்கு

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஓர் ஊரின் தீர்க்கரேகை தெரிந்தால், அங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கிரீன்விச்சைவிட எவ்வளவு முந்தியது என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுவிடலாம். சென்னை ஏறத்தாழ 80¼ பாகை கிழக்கில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். இதே கணக்குப்படி மும்பைக்கு 4 மணி 51 நிமிடம் வரும். கல்கத்தாவுக்கு ஏறக்குறைய 5 மணி 53 நிமிடம் வரும்.

எந்த ஊரின் சூரிய நேரமும் முழு மணியில் வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இயற்கையில் இல்லை. சட்டத்திலும் இல்லை. 1884-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு, பூஜ்ய தீர்க்கரேகை கிரீன்விச் வழியாகப் போகும் என்று முடிவு செய்ததே தவிர, நாடுகள் முழு மணிக் கணக்கில்தான் கடிகாரம் வைக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. ரயிலும் தந்தியும் வந்தபின் ஊருக்கு ஒரு நேரம் கட்டுப்படியாகவில்லை. அப்போது பல நாடுகள் வசதி கருதி முழு மணிக்கு மாறின. சில நாடுகளுக்கு அந்த வசதியே இடைஞ்சலாக இருந்தது. இந்தியா அதற்கு நல்ல உதாரணம்.

1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் எழுந்தது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, ‘மெட்ராஸ் டைம்’ என்பதற்கு அடித்தளம் போட்டார். பின்னாளில் இந்திய ரயில்வேக்கள் தங்கள் கால அட்டவணைக்கு இந்த நேரத்தையே எடுத்துக்கொண்டன. வானாய்வுக்கூடத்திலிருந்து தந்தி வழியாக நேரம் அனுப்பப்பட்டது. மெட்ராஸ் நேரம் பம்பாய்க்கு அரை மணி முன்னும், கல்கத்தாவுக்கு ஏறத்தாழ அரை மணி பின்னும் இருந்தது. இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவில் அமைந்ததால் யாருக்கும் பெரிய பாதகமில்லை. ரயில் நிலையக் கடிகாரம் ஒரு நேரமும் ஊர்க் கடிகாரம் இன்னொரு நேரமும் காட்டிய காலம் அது.

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்ற முடிவு வந்தபோது கணக்கு இப்படி நின்றது. இந்தியாவின் இன்றைய எல்லைகளை வைத்தே பார்க்கலாம். குஜராத்தின் மேற்கு முனை 68 பாகையில் இருக்கிறது. அங்கே சூரிய நேரம் கிரீன்விச்சைவிட 4 மணி 32 நிமிடம் முந்தியது. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு முனை 97 பாகையைத் தாண்டுகிறது. அங்கே ஏறக்குறைய 6½ மணி. நாடு முழுவதும் 5 மணி என்று வைத்தால் மேற்கு முனைக்கு அரை மணிதான் வித்தியாசம், கிழக்கு முனைக்கோ ஒன்றரை மணி. 6 மணி என்று வைத்தால் இந்தப் பாரபட்சம் அப்படியே தலைகீழாகிவிடும். 5½ மணி வைத்தால் இரு முனைகளுக்கும் தலா ஒரு மணி. சுமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள அரை மணியைத் தவிர வேறு வழியில்லை.

அப்படித்தான் 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதன் அச்சு உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோடு. 82½ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், மிகச் சரியாக ஐந்தரை மணி. அன்று மெட்ராஸ் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம்தான் முன்னே தள்ளப்பட்டன. பம்பாய்க்கு அந்தத் தள்ளல் 39 நிமிடம். எனவே எதிர்ப்பும் அங்கே கடுமையாக இருந்தது. 1950-கள் வரை பழைய பம்பாய் நேரம் நகரில் புழக்கத்தில் இருந்தது. கல்கத்தாவும் தன் நேரத்தை 1940-களின் இறுதிவரை விடவில்லை.

நடுக்கோட்டைப் பிடித்த தீர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அஸ்ஸாமில் கோடைகாலத்தில் நாலரை மணிக்கே பொழுது விடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. தேயிலைத் தோட்டங்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இதற்குத் தாங்களே வழி கண்டுகொண்டன. தோட்டத்துக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து, அதற்கு ‘பாகான் நேரம்’ என்று பெயரிட்டன. வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுகிறது. தெற்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது எளிதில் உறைப்பதில்லை. சென்னைக்கும் 82½ பாகைக் கோட்டுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு.

முக்கால் மணிக்குப் பெயர் பெற்றது நேபாளம். 1985 இறுதிவரை அங்கும் இந்திய நேரம்தான். 1986 தொடக்கத்தில் 5 மணி 45 நிமிடத்துக்கு மாறினார்கள். அதற்குரிய கோடு 86¼ பாகை. அது கௌரிசங்கர் சிகரத்தை ஒட்டிச் செல்கிறது. காத்மாண்டுவின் சூரிய நேரம் ஏறத்தாழ 5 மணி 41 நிமிடம். ஆகவே புதிய கடிகாரம் சூரியனோடு 4 நிமிட வித்தியாசத்தில் ஓடுகிறது. பழையதில் 11 நிமிட வித்தியாசம் இருந்தது. ஆனால் ஏழு நிமிடத் துல்லியத்துக்காக மட்டும் ஒரு நாடு கடிகாரத்தை மாற்றுமா? பெரிய அண்டை நாட்டின் நேரத்தில் கரைந்துவிடாமல், தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளும் விருப்பமும் இதில் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். பீகாரின் ரக்சௌலில் பத்து மணி ஆகும்போது, எல்லைக்கு அப்பால் பீர்கஞ்சில் பத்தேகால்.

கடிகாரம் அரசியலாவதை இலங்கை இன்னும் கூர்மையாகப் பார்த்தது. கொழும்பின் சூரிய நேரம் 5 மணி 19 நிமிடம். ஐந்தரை அதற்கு இயல்பாகவே பொருந்தும். 1996 மே மாதம் மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து ஆறரை ஆக்கியது. விளைவு, கொழும்பில் சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒன்றைத் தாண்டியது. காலைப் பொழுதும் அதே அளவு தள்ளிப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கு இறக்கினார்கள். 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே திரும்பினார்கள். இந்தப் பத்து ஆண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய ஐந்தரைதான் நடப்பில் இருந்தது. ஒரே தீவில் கட்டுப்பாட்டு எல்லையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தையும் திருப்ப வேண்டியிருந்தது.

ஈரான் மூன்றரை, ஆப்கானிஸ்தான் நாலரை, மியான்மர் ஆறரை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஒன்பதரை, நியூஸிலாந்துக்குச் சொந்தமான சாதம் தீவுகள் பன்னிரண்டே முக்கால் என்று இந்தப் பட்டியல் நீள்கிறது.

அரை மணியைக் கைவிட்டவர்களும் உண்டு. மலேசியத் தீபகற்பமும் சிங்கப்பூரும் 1981 இறுதிவரை ஏழரையில் இருந்தன. கடலுக்கு அப்பால் இருந்த சபா, சரவாக் மாநிலங்களில் எட்டு. நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்பம் 1982 ஜனவரி 1 முதல் எட்டுக்கு மாற, வணிகமும் போக்குவரத்தும் பிணைந்திருந்த சிங்கப்பூரும் கூடவே மாறியது. கணக்கு எளிதாயிற்று, சூரியன்தான் விலகிப்போனது. சிங்கப்பூர் 104 பாகையை ஒட்டி இருக்கிறது. அதன் சூரிய நேரம் ஏழு மணிக்கும் சற்றுக் குறைவு. கடிகாரம் காட்டுவதோ எட்டு. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊராக இருந்தும் அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது; உச்சிவெயில் அடிக்கும்போது மணி ஒன்று.