குக்கரில் கூடுதலாய் விழும் அரை டம்ளர்

உணவு வீணாவதைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நேராகக் கல்யாணப் பந்திக்குப் போய்விடும். எச்சில் இலையில் கிடக்கும் ஜாங்கிரியைப் பார்த்து எல்லோரும் வருத்தப்படுவோம். கணக்கோ வேறு பக்கம் கை காட்டுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. தோல், கொட்டை, எலும்பு போன்ற தின்ன முடியாத கழிவும் இதில் சேர்த்தி என்பதால் அப்படியே பதறவேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டுக் குப்பை வாளியில் திரும்பத் திரும்ப விழுவது சோறு, புளித்த மாவு, வாடிய கீரை ஆகிய மூன்றும்தான். இவை மூன்றையும் சரிசெய்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

சோற்றிலிருந்து தொடங்குவோம். நான்கு பேர் உள்ள வீட்டில் மதியத்துக்கு இரண்டரை டம்ளர் அரிசி போடுகிறார்கள், இரண்டே போதும் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாய் விழும் அரை டம்ளர் ஏறக்குறைய 80 கிராம். வெந்ததும் அது 200 கிராமுக்கு மேல் சோறாகிவிடும். ஒருவர் வயிறு நிறையக்கூடிய அளவு. தினமும் இப்படி மிஞ்சினால் மாதத்துக்கு 2.4 கிலோ அரிசி.

அந்த அரை டம்ளர் ஏன் விழுகிறது? பாதி வீடுகளில் அது பழைய கணக்கு. மகன் ஹாஸ்டலுக்குப் போயிருப்பான், மாமியார் ராத்திரிக்குச் சப்பாத்திக்கு மாறியிருப்பார், கைமட்டும் பழைய அளவிலேயே அரிசியை அள்ளிப் போடும். மீதிப் பாதி, ‘திடீரென்று யாராவது வந்துவிட்டால்?’ என்ற பயம். இந்தப் பயம் நியாயமானது, அதை அறிவுரை சொல்லி விரட்ட முடியாது. அதற்கு மாற்று, பத்து நிமிடத்தில் ஆகக்கூடிய ஒன்று அலமாரியில் இருப்பதுதான். வறுத்த ரவையோ, அவலோ, சேமியாவோ இருந்தால் சோற்றின் அளவைத் தைரியமாகக் குறைக்கலாம். வந்தவருக்கு உப்புமா கிண்டிக்கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எவ்வளவு மிஞ்சுகிறது என்பது கண்மதிப்பில் பிடிபடாது. ஒரு வாரத்துக்கு, மிஞ்சிய சோற்றைக் காக்கைக்கோ நாய்க்கோ வைப்பதற்கு முன் ஒரே கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். எந்தக் கிழமையில் கிண்ணம் நிறைகிறது என்பதைக் கவனித்தால் காரணமும் கூடவே தெரிந்துவிடும். காலையில் உலை வைக்குமுன், “ராத்திரிக்கு யாரெல்லாம் வீட்டில சாப்பிடுவீங்க?” என்று ஒரு குரல் கேட்டுவிடுவது எந்தச் செயலியையும்விடச் சரியாக வேலை செய்யும்.

அப்படியும் மிஞ்சும். மிஞ்சிய சோற்றில் நம்மவர்கள் செய்யும் பிழை, அதைக் குக்கரிலேயே மூடி மாலைவரை விட்டுவிடுவது. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிநிலையில்கூட அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோறு பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கலாம் என்பதால் இங்கே மூக்கை நம்பக் கூடாது, கடிகாரத்தைத்தான் நம்பவேண்டும். சாப்பாடு முடிந்ததும் மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடவேண்டும். ஆழமான பாத்திரத்தில் அழுத்தி வைத்தால் நடுவில் சூடு வெகுநேரம் தங்கும். மறுநாளைக்குள் ஒரே ஒரு முறை, ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுவது நல்லது. குளிர்ந்த சோறு விறைத்து உதிரியாக இருப்பதால் எலுமிச்சைச் சாதத்துக்கும் தாளித்த சாதத்துக்கும் புதுச் சோற்றைவிட அதுவே வாகு.

பழைய சோறு இதற்கு முரணாயிற்றே என்று கேட்கலாம். தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகி நீராகாரத்தைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை வளரவிடுவதில்லை. ஆனால் புளிப்பு ஏறச் சில மணி நேரமாகும். அதனால் இரவு வடித்த சோறு ஆறியதும், முழுக்க முங்கும்படி தண்ணீர் ஊற்றிவிடவேண்டும். மதியத்திலிருந்து குக்கரில் கிடந்த சோற்றுக்கு இரவு பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. காலையில் இதமான புளிப்பு வாசம் வரவேண்டும். பிசுபிசுத்து நூல் விட்டாலோ, புளிப்புக்குப் பதில் வேறு நெடி அடித்தாலோ கொட்டிவிடுங்கள். கோடையில் மிகுந்த சோற்றைச் சீரகம், உப்பு, மிளகாய் சேர்த்து அரைத்து வடகமாக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல வெயில் இரண்டு மூன்று நாள் கிடைத்தால்தான் அது உருப்படும்.

அடுத்தது மாவு. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு புதன்கிழமை பல்லைக் கூசவைப்பதற்குக் காரணம், மொத்தத்தையும் ஒரே நாளில் புளிக்கவிடுவது. ஃபிரிட்ஜ் புளிப்பை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. எனவே அரைத்த கையோடு இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு நாளைக்கு வேண்டியது மட்டும் வெளியே புளிக்கட்டும். மீதி, புளிக்காமலேயே உடனே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும், பாத்திரத்தில் பொங்குவதற்கு இடம் விட்டு. தேவைப்படுவதற்கு முந்தின நாள் மாலையே எடுத்து வெளியே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். சில்லிட்ட மாவு என்பதால் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் கூடுதலாக எடுக்கும். புளித்த மாவிலிருந்து அன்றைக்கு வேண்டியதை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, பெரிய பாத்திரத்தை உடனே உள்ளே தள்ளிவிடவேண்டும். முதலிரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. மேலே ரோஸ் நிறமோ பூஞ்சையோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துப் பயனில்லை, முழுவதையும் கொட்டவேண்டும்.

காய்கறிக்கு வருவோம். திங்கள் வத்தக்குழம்பு, செவ்வாய் மோர்க்குழம்பு என்று ஏழு நாளுக்கும் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் யோசனையில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு அமாவாசை வந்தால், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அட்டவணை கவிழ்ந்துவிடும். காய்கள் வாடும் வரிசையைத் தெரிந்துகொண்டு அந்த வரிசையில் சமைப்பது எளிது, எந்த நாளையும் இடம் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அதே நான்கு பேர் வீடு சனிக்கிழமை உழவர் சந்தைக்குப் போய்வருகிறது. பையில் இரண்டு கட்டு அரைக்கீரை, கொத்தமல்லி, வெண்டை, கத்தரி, பீன்ஸ், பீர்க்கங்காய், ஒன்றரைக் கிலோ தக்காளி, கேரட், ஒரு பத்தை பூசணி, கோஸ், உருளை. சனியும் ஞாயிறும் கீரை. திங்கள், செவ்வாயில் வெண்டையும் கத்தரியும். புதனன்று பீர்க்கங்காய்க் கூட்டு, அதன் தோலில் துவையல். பிறகு பீன்ஸ், கேரட், கோஸ். உருளை கடைசிவரை காத்திருக்கும். நறுக்கிய பூசணிப் பத்தை அப்படிக் காத்திராது, அதை நாலைந்து நாளுக்குள் எடுத்துவிடவேண்டும். வெள்ளி இரவு, ஒவ்வொன்றிலும் கைப்பிடி மிஞ்சியதையெல்லாம் சேர்த்துக் கதம்ப சாம்பார். அன்றைக்கு என்ன குழம்பு என்பதைக் கூடையே முடிவு செய்துவிடும்.

இந்த வரிசை நிலைக்க, சந்தையிலிருந்து வந்ததும் கால் மணி நேரம் செலவழிக்கவேண்டும். கீரையைக் கழுவாமல் வேரை நறுக்கி, பழுத்த இலைகளைப் பொறுக்கிப் போட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். இலை காற்றுப்பட்டால் வாடும், மேலே நீர் நின்றால் அழுகும். துணி இரண்டையும் தடுக்கிறது. கொத்தமல்லிக்கும் இதே வைத்தியம். பழுத்த தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் அதனால் சீக்கிரம் மஞ்சளாகும். ஆகவே பழங்களுக்குத் தனி இடம்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் திணிப்பதும் வீணடிக்கும் வழிதான். கத்தரிக்கும் வெள்ளரிக்கும் கடுங்குளிர் ஆகாது. சில நாளில் தோலில் குழி விழும், கத்தரியின் உள்ளே விதை கறுக்கும். அவற்றை முதல் மூன்று நாளில் சமைத்துவிடுவதே தீர்வு. காயாக இருக்கும் தக்காளி வெளியே பழுக்கட்டும், நன்றாகப் பழுத்த பிறகு உள்ளே போகட்டும். உருளை குளிரில் மாவுத்தன்மை குறைந்து இனிக்கும், வறுத்தால் கறுக்கும். அதற்கு இருட்டும் காற்றும் போதும், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜின் கதவுதான் அதிகச் சூடுபடும் இடம், ஆனால் பால் பாக்கெட்டை நாம் அங்கேதான் நிறுத்துகிறோம். பாலை உள்தட்டுக்கு மாற்றி, கதவில் ஊறுகாயை வையுங்கள்.

சமைத்து மிஞ்சிய குழம்பு, பொரியல் விஷயத்தில் ஒரு மனித சுபாவம் குறுக்கே நிற்கிறது. நேற்றைய பொரியலை இன்றும் அதே கிண்ணத்தில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். அதையே அடை மாவில் கலந்து சுட்டால் தட்டு காலியாகிவிடும். மிஞ்சிய இட்லி உப்புமாவாகும், புளித்த தயிர் மோர்க்குழம்பாகும், கனிந்து கறுத்த வாழைப்பழம் இனிப்புப் பணியாரத்துக்குப் போகும். ஆனால் மாற்றிய பிறகும் மிஞ்சினால் அதை மூன்றாம் முறை மாற்ற முயலவேண்டாம். தேங்காய் அரைத்த குழம்பும் கூட்டும் சீக்கிரம் கெடும், அவற்றை அளவாகவே செய்வது நல்லது. சாப்பிட்ட கரண்டியைப் பெரிய பாத்திரத்துக்குள் விடக் கூடாது என்று பாட்டிமார் பத்துப் பார்த்ததில் ஒரு பகுதி சுத்த விஞ்ஞானம்.

மின்வெட்டு நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமலிருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கும் மேல் நீண்டால் பால், சோறு, மீன், இறைச்சி எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பூஞ்சை பூத்த வேர்க்கடலையும் ரொட்டியும் அப்படித்தான். வேர்க்கடலைப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தாக்கக்கூடியது, வறுத்தாலும் முழுவதும் போகாது.

அடுத்த சனிக்கிழமை பையை எடுக்குமுன் அந்த வீட்டார் கூடையைப் பார்க்கிறார்கள். பாதி கோஸும் நாலு உருளையும் இருக்கின்றன. தக்காளி கால் கிலோ மீதம், கொத்தமல்லியில் பாதி கறுத்துப்போயிற்று. எனவே இந்த வாரம் தக்காளி ஒரு கிலோ போதும். கோஸ், உருளை வேண்டாம். கொத்தமல்லியில் பத்து ரூபாய்க் கட்டுக்குப் பதில் ஐந்து ரூபாய்க் கட்டு, கடைக்காரர் பிரித்துத் தருவாரென்றால்.