கத்திக்குத் தெரியாத பெயர்மாற்றம்

வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று. 70 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அதற்குள் பாய்ந்து பிடிக்கும் ஆட்டக்காரரின் உருவம். வட்டத்தின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரு ரிப்பன். ரிப்பனின் இரு முனைகளும் மீன்வால் மாதிரி பிளந்து வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ரிப்பன் மேல் ‘கபடிக் குழு’ என்று எழுத்து. இரண்டு வருடத்துக்கு முன் அடித்த ஸ்டிக்கர்தான். இப்போது வந்து, “அண்ணே, பேரு மட்டும் மாத்திக் குடுங்க. ‘இளைஞர் கபடிக் கழகம்’னு ஆக்கிட்டோம்” என்கிறார்கள்.

பெயர் மட்டும் மாறுவதில்லை என்பதுதான் சிக்கல். ஸ்டிக்கர் ஃபைலில் கண்ணுக்குத் தெரியும் படம் ஒன்று. அதைச் சுற்றி ஓடும் ‘கட் லைன்’ இன்னொன்று. பிரிண்டர் படத்தைப் பார்க்கிறது, கத்தி கட் லைனை மட்டுமே பார்க்கிறது. எழுத்து நீண்டு, ரிப்பன் நீண்டாலும், பழைய கட் லைன் பழைய இடத்திலேயே கிடக்கும். கவனிக்காமல் அனுப்பினால் புதிய ரிப்பனின் வாலைக் கத்தி கொண்டுபோய்விடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் எழுத்து, பிறகு வடிவம், கட் லைன் கடைசியில். பழைய கட் லைனை இழுத்துச் சரிசெய்வதைவிட அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்குவது எளிது. நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கோரல்டிராதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

பழைய ஃபைலைத் திறந்ததும் எழுத்தைச் சொடுக்கிப் பாருங்கள். ‘கர்வ்’ என்று காட்டினால், முன்பு செய்தவர் எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டார். இனி அது எழுத்து அல்ல, வெறும் வடிவம். மறுபடி தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும்.

ஆறு எழுத்து இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு. பழைய அளவிலேயே வைத்தால் 50 மி.மீ. அகலம் ஏறக்குறைய 105 ஆகிவிடுகிறது. ரிப்பனில் வால்களைக் கழித்தால் எழுத்துக்குக் கிடைப்பது 64 மி.மீ. இங்கே பலரும் செய்வது, எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவது. அமுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்துபோகும், படுத்த கோடுகள் அதே தடிமனில் இருக்கும். ‘ழ’வும் ‘ஞ’வும் ஏதோ நோய்வாய்ப்பட்டவைபோல் ஆகிவிடும். அதற்குப் பதிலாக எழுத்தை மொத்தமாக முக்கால் அளவுக்குக் குறைத்தேன். சுமார் 79 மி.மீ. வந்தது. மீதியை ரிப்பன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ரிப்பனை ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மீன்வாலும் சேர்ந்து நீண்டு கோணல் மாறிவிடும். ஷேப் டூலை எடுத்து, வலது வாலின் புள்ளிகளை மட்டும் தேர்ந்து 10 மி.மீ. தள்ள வேண்டும், இடதுபுறமும் அவ்வாறே. நடுப்பகுதி 84 மி.மீ. ஆகிறது, எழுத்துக்கு இருபுறமும் இரண்டரை மி.மீ. இடம் கிடைக்கிறது. மேலும் கீழும் இடம் பார்ப்பதில் தமிழுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ‘க’வின் தலையிலிருந்து அளக்கக் கூடாது. ‘ம்’மின் புள்ளி, ‘டி’யின் கொக்கி ஆகியவற்றில் எது உயரமோ அதிலிருந்தும், ‘ழ’வின் வாலடியிலிருந்தும் அளக்க வேண்டும். புள்ளி ரிப்பன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் தூரத்திலிருந்து பார்க்கும்போது அது காணாமலே போய்விடும்.

அடுத்தது கட் லைன். எல்லாவற்றையும் தேர்ந்து Create Boundary கொடுத்தால் வட்டமும் ரிப்பனும் சேர்ந்த வெளி உருவம் ஒரே கோடாக வந்துவிடும். அதை Contour கொண்டு 2 மி.மீ. வெளியே தள்ளினால் வேலை முடிந்தது என்று தோன்றும். இரண்டு இடங்களில் அது ஏமாற்றும்.

முதலாவது, ரிப்பனைச் சுற்றியிருக்கும் மஞ்சள் பார்டர். அது ஒன்றரை மி.மீ. தடிமன் கொண்ட அவுட்லைன். அதன் பாதி ரிப்பனின் உண்மையான விளிம்புக்கு வெளியே இருக்கிறது. ஆனால் Create Boundary இந்தத் தடிமனைக் கணக்கில் எடுப்பதில்லை, வடிவத்தின் விளிம்பை மட்டுமே எடுக்கிறது. ஆகவே 2 மி.மீ. தள்ளினாலும் ரிப்பன் பக்கம் வெள்ளை ஒன்றேகால்தான் மிஞ்சும். பார்டர் இல்லாத வட்டத்தின் பக்கம் முழு இரண்டும் இருக்கும். ஸ்டிக்கர் ஏதோ ஒருபக்கம் இறுக்கமாகத் தெரிகிறதே என்று வாடிக்கையாளர் சொல்வார், காரணம் அவருக்குத் தெரியாது. டிசைனை ஒரு நகல் எடுத்து, அதில் Convert Outline to Object கொடுத்துப் பார்டரையும் வடிவமாக்கிய பிறகே Create Boundary போட வேண்டும்.

இரண்டாவது, மூலைகள். வட்டமும் ரிப்பனும் சந்திக்கும் இடத்தில் உள்நோக்கிய கூர்மூலை ஒன்று விழும். மீன்வாலின் பிளவிலும் அப்படியே. கட்டரின் கத்தி தானாகச் சுழலும் சிறு அலகு. அதன் முனை அச்சுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. கூர்மூலையில் அது திரும்பும்போது வினைலைக் கிள்ளும். உரிக்கும்போதும் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இதற்குப் பழைய கைக்காரர்களின் வித்தை ஒன்று உண்டு: 2 மி.மீ. தள்ளாமல் முதலில் 4 மி.மீ. வெளியே, முனைகள் வட்டமாக இருக்கும்படி தள்ளுங்கள். Break Apart கொடுத்து அந்த வெளிக்கோட்டைத் தனியாக்கி, அதை 2 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். நிகரத் தூரம் அதே இரண்டுதான். ஆனால் உள்மூலைகள் எல்லாம் 2 மி.மீ. ஆரத்தில் மழுங்கி, மீன்வால் பிளவின் அடியும் ஆழம் குறைந்து வந்திருக்கும். நடுவே பயன்பட்ட கோடுகளை மறக்காமல் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தி அவற்றையும் வெட்டும்.

கட் லைன் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? ரோலண்ட் மெஷினின் வெர்சாவொர்க்ஸ் மென்பொருள் கோட்டின் நிறத்துக்கு இட்ட பெயரைப் பார்க்கிறது: CutContour என்ற ஸ்பாட் கலர். நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டாலும் அது வெறும் நிறம்தான். வெட்டாமல், ஸ்டிக்கரைச் சுற்றி ரோஜா நிறக் கோடு ஒன்றை அழகாக அச்சடித்துத் தரும். கோட்டுக்கு உள்நிறம் கூடாது, தடிமன் ஹேர்லைன் போதும்.

அனுப்புவதற்குமுன் வயர்ஃப்ரேம் பார்வைக்குப் போவேன். நிறங்கள் எல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும். சுற்றுக்கோட்டைச் சொடுக்கி நகர்த்தும்போது அடியில் இன்னொன்று கிடந்தால், கட் லைன் இரட்டையாக இருக்கிறது என்று பொருள். கத்தி அதே பாதையில் இருமுறை போனால் பின்தாளும் வெட்டுப்பட்டு ஸ்டிக்கர் ரோலிலிருந்தே கழன்றுவிடும். கோடு எங்காவது மூடாமல் நின்றால் அந்த ஒரு மி.மீ. வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புள்ளிகளின் எண்ணிக்கையையும் பார்ப்பேன். இந்த மாதிரி உருவத்துக்கு முப்பது நாற்பது போதும். முந்நூறு காட்டினால் கத்தி தடுமாறி ஓரம் பிசிறடிக்கும். புள்ளிகளைக் குறைக்கும் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்த வேலையில் சுற்றிலும் வெள்ளை விட்டதால் பிளீட் தேவைப்படவில்லை. நிறம் வெட்டு விளிம்புவரை வர வேண்டும் என்றால், அந்த நிறத்தைக் கட் லைனுக்கு வெளியே இன்னும் 2 மி.மீ. நீட்டி வைக்க வேண்டும். வெட்டு அரை மி.மீ. விலகினாலே வெள்ளைப் பிறை ஒன்று எட்டிப் பார்க்கும்.

நூறு அடிப்பதற்குமுன் ஒன்றை அடித்து, மீன்வால் பக்கத்திலிருந்து உரித்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் முழுதாக வந்தது. பின்தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது கத்தி போன தடம் மெல்லிய கீறலாகத் தெரிந்தது, துளை இல்லை. ஸ்டிக்கர் மட்டும் 108 மி.மீ. அகலம் ஆகிவிட்டது. பழைய விலைக்கே கேட்டார்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.