ஏப்ரல் 5-ல் எண்ணி, மார்ச் 31-க்குத் திரும்புவது

கணக்கு வருஷம் முடிவது மார்ச் 31. ஆனால் அன்றைக்கே குடோனில் ஸ்டாக் எண்ண முடிவதில்லை. ஆள் கிடைக்காது, இல்லை லோடு போய்க்கொண்டே இருக்கும். நாலைந்து நாள் தள்ளி எண்ணிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு மார்ச் 31 இருப்பைக் கண்டுபிடிப்பார்கள். ஆடிட்டர்களுக்கான எஸ்.ஏ. 501 தரநிலை இதைத் தடுக்கவில்லை. இடைப்பட்ட நாட்களின் மாற்றம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. நான் பார்த்தவரை சிக்கல் வருவது அந்தச் சோதனையில்தான்.

ஒரு நூல் குடோனை எடுத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்கு). ஏப்ரல் 5 மாலை எண்ணியதில் 412 மூட்டை. ஏப்ரல் 1 முதல் அதுவரை உள்ளே வந்தவை 60. இதில் 56 மில்லிலிருந்து, 4 வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவை. வெளியே போனதைக் கூட்ட வேண்டும், உள்ளே வந்ததைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெளியே போனது எவ்வளவு? விற்பனைப் புத்தகத்தில் ஏப்ரல் தேதியிட்ட பில்களைக் கூட்டினால் 76. ஆக 412 + 76 − 60 = 428. கம்ப்யூட்டரில் மார்ச் 31 இருப்பும் 428. அப்படியே பொருந்துகிறது! பலரும் இங்கேயே ஃபைலை மூடிவிடுவார்கள்.

இப்போது கேட் ரெஜிஸ்டரைப் பாருங்கள். அதே நாட்களில் வெளியே போனது 96. அப்படியென்றால் மார்ச் 31 இரவு குடோனில் இருந்தது 412 + 96 − 60 = 448 மூட்டை. அந்த 20 எங்கே? மார்ச் 31 தேதியில் பில் போட்டு, ஏப்ரல் 2-ல் லாரி ஏற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இருப்பும் பில்லை வைத்துத்தான் குறைகிறது. பில்லை பில்லோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்?

சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் விற்பனை என்பது ஒப்பந்தமானால், அந்த 20 மூட்டையும் மார்ச் ஸ்டாக்தான். மூட்டை 13,000 ரூபாய்க்கு விற்றது, அடக்கம் 12,000 என்றால், விற்பனையில் 2,60,000 குறையும், ஸ்டாக்கில் 2,40,000 கூடும். இந்த வருஷ லாபம் 20,000 குறையும். ஸ்டாக்கில் ஏறுவது அடக்க விலை மட்டுமே என்பதைக் கவனியுங்கள். வாங்கினவரே தன் வசதிக்காக 'உங்களிடமே இருக்கட்டும்' என்று கேட்டு, அதற்கு எழுத்தும் இருந்து, அவருக்கென மூட்டைகளைத் தனியே பிரித்தும் வைத்திருந்தால் கதை வேறு.

ஆகவே பின்னோக்கிப் போக வேண்டியது சரக்கு நகர்ந்த தேதியை வைத்து: கேட் ரெஜிஸ்டர், டெலிவரி சலான், லாரி ரசீது. சலான் எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, நடுவில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. எண்ணும்போது 5 மூட்டை குறைந்தால், அது மார்ச்சில் காணாமல் போனதா, ஏப்ரல் 3-ல் போனதா என்று இந்தக் கணக்கு சொல்லாது. எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாமல் போன சரக்கு அது. இடைவெளி நீள நீள இந்தச் சந்தேகமும் வளரும்.